மைசன்ஹைமரின் சிவப்பு உப்பு

குளோரோபென்சீன் ஒரு நிறமற்ற திரவம். ஆறு கார்பன் அணுக்களால் ஆன வளையம், அதன் ஒரு மூலையில் ஒரு குளோரின். அந்தக் குளோரினைக் கழற்றிவிட்டு அதே மூலையில் ஹைட்ராக்சில் தொகுதியை வைத்தால் பீனால் கிடைக்கும். காகிதத்தில் ஒரு கோடு அழித்து ஒரு கோடு போடும் வேலைதான். ஆனால் தொழிற்சாலையில் இதைச் செய்ய காஸ்டிக் சோடாவோடு சேர்த்து ஏறக்குறைய 350 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க வேண்டியிருந்தது. அழுத்தமும் வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 300 மடங்கு தேவைப்பட்டது.

இப்போது அதே வளையத்தில், குளோரினுக்கு நேர் எதிர் மூலையில் ஒரு நைட்ரோ தொகுதியை வையுங்கள். ஒரு நைட்ரஜன், அதோடு இரண்டு ஆக்சிஜன், அவ்வளவுதான். வேலை 160 டிகிரியில் முடிந்துவிடும். குளோரினுக்குப் பக்கத்து மூலையில் இன்னொரு நைட்ரோவைச் சேர்த்தால் காஸ்டிக் சோடாகூட வேண்டாம். சலவைச் சோடா கரைசலும் கொதிநீர் அளவுச் சூடும் போதும். மூன்றாவது நைட்ரோவும் வந்துவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரே குளோரினை வெளியேற்றி, பிக்ரிக் அமிலம் என்ற மஞ்சள் பொருளைத் தந்துவிடுகிறது.

வேகத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் இன்னும் வியப்பு. மெத்தாக்சைடு அயனியோடு வினைபுரியும்போது, வெறும் குளோரோபென்சீனைவிட ஒரு நைட்ரோ உள்ள மூலக்கூறு 7,000 கோடி மடங்கு வேகமாகப் போகிறது. இரண்டு நைட்ரோ இருந்தால் 24 கோடி கோடி மடங்கு. மூன்று இருந்தால் சாதாரண முறையில் அளக்க முடியாத வேகம். இத்தனைக்கும் நைட்ரோ தொகுதி வினையில் நேரடியாகக் கலந்துகொள்வதே இல்லை. வினை தொடங்கும்போது எங்கே இருந்ததோ, முடிந்த பிறகும் அங்கேயேதான் இருக்கிறது. பிறகு அது என்னதான் செய்கிறது?

அதற்கு முன் குளோரோபென்சீன் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். எலக்ட்ரான் நிறைய வைத்துக்கொண்டு, எலக்ட்ரான் குறைந்த இடத்தைத் தேடி வரும் பொருளைக் கருக்கவர் பொருள் என்று பாடநூல்கள் சொல்கின்றன. ஹைட்ராக்சைடு, மெத்தாக்சைடு, அம்மோனியா எல்லாம் இந்த வகை. சாதாரணச் சங்கிலி மூலக்கூறுகளில் இவை குளோரினைத் துரத்தும் விதம் எளிது: குளோரின் ஒட்டியிருக்கும் கார்பனைப் பின்பக்கத்திலிருந்து தாக்கும், முன்பக்கம் குளோரின் கழன்றுவிடும். பென்சீனில் அந்தப் பின்பக்கம் என்பது வளையத்தின் உள்ளே இருக்கிறது. அங்கே நுழைய வழியில்லை. சரி, குளோரின் தானாகவே முதலில் கழன்று போகட்டும் என்று விட்டால், மிச்சமிருக்கும் நேர்மின் வளையம் மிகவும் நிலையற்றது. போதாக்குறைக்கு, வளையத்தின் மேலும் கீழும் எலக்ட்ரான் மேகம் படர்ந்திருக்கிறது. எதிர்மின் சுமையோடு வரும் விருந்தாளியை அது விலக்கத்தான் பார்க்கும்.

மிச்சம் ஒரே வழி. வருபவர் குளோரின் இருக்கும் கார்பனின் மேல்பக்கத்திலோ கீழ்ப்பக்கத்திலோ வந்து ஒட்டிக்கொள்வது, குளோரின் போவதற்கு முன்பே. வாடகை வீட்டில் பழையவர் காலி செய்வதற்குள் புதியவர் பெட்டி படுக்கையோடு உள்ளே வந்துவிடுவதைப் போல. சிறிது நேரம் இருவரும் ஒரே வீட்டில். அந்தச் சிறிது நேரத்தில் மூலக்கூறுக்குள் என்ன நடக்கிறது என்பதில்தான் நைட்ரோவின் வேலை முழுவதும் அடங்கியிருக்கிறது.

வளையத்தின் மூலைகளுக்கு 1 முதல் 6 வரை எண் கொடுப்போம். குளோரின் இருப்பது 1. மெத்தாக்சைடு ஒரு ஜோடி எலக்ட்ரானோடு வந்து 1-ஆம் கார்பனில் பிணைப்பை உண்டாக்குகிறது. கார்பனுக்கு நான்கு பிணைப்புகளுக்கு மேல் தாங்காது. ஆகவே 1-க்கும் 2-க்கும் இடையிலிருந்த இரட்டைப் பிணைப்பில் ஒன்று உடைந்து, அதன் எலக்ட்ரான் ஜோடி 2-ஆம் கார்பனுக்குத் தள்ளப்படுகிறது. இப்போது 2-இல் எதிர்மின் சுமை. பக்கத்திலிருக்கும் இரட்டைப் பிணைப்போடு கலந்து அந்தச் சுமை 4-க்கு நகரும்; அங்கிருந்து 6-க்கும் நகரும். 3-க்கும் 5-க்கும் அது போவதே இல்லை. ஒன்றுவிட்டு ஒன்றாகத்தான் அதன் நடமாட்டம். உண்மையில் அது ஓடிக்கொண்டிருக்கவில்லை. ஒரே நேரத்தில் 2, 4, 6 ஆகிய மூன்று இடங்களிலும் பகிர்ந்து கிடக்கிறது. இப்படிப் பகிர்ந்து கிடப்பதைத்தான் உடனிசைவு என்கிறோம்.

இதற்கு மூலக்கூறு கொடுக்கும் விலை பெரியது. பென்சீன் வளையத்தின் ஆறு எலக்ட்ரான்கள் சுற்றிலும் பரவிக் கிடப்பதால் அதற்குத் தனியான ஒரு நிலைப்புத்தன்மை உண்டு; மோலுக்கு 150 கிலோஜூல் அளவுக்கு அதை மதிப்பிடுகிறார்கள். 1-ஆம் கார்பன் நான்கு தனிப் பிணைப்புகளோடு நிமிர்ந்து நின்றவுடன் அந்தச் சுற்று அறுந்துவிடுகிறது. மேலும், எதிர்மின் சுமையைச் சுமப்பது கார்பனுக்குப் பிடிக்காத வேலை. இந்த இரண்டு சுமையையும் குளோரோபென்சீன் தனியாகத் தாங்க முடியாமல்தான் வினைக்கே வரமாட்டேன் என்கிறது.

நைட்ரோ 4-ஆம் மூலையில் இருந்தால் கதை மாறுகிறது. அதன் நைட்ரஜன் ஏற்கெனவே நேர்மின் சுமையோடு இருக்கிறது. இரட்டைப் பிணைப்பால் ஓர் ஆக்சிஜனைப் பிடித்திருக்கிறது. வளையத்தில் 4-க்கு வந்து சேர்ந்த எலக்ட்ரான் ஜோடி அங்கே நிற்காமல் நைட்ரஜன் பக்கம் சாய்ந்து கார்பன்–நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பாகிறது. நைட்ரஜனின் இரட்டைப் பிணைப்பு ஆக்சிஜன் மேல் விழுகிறது. முடிவில் எதிர்மின் சுமை வளையத்தை விட்டே வெளியேறி ஆக்சிஜன்களில் போய் அமர்கிறது. கார்பனுக்குப் பாரமாக இருந்தது ஆக்சிஜனுக்கு இயல்பான நிலை. 2-லும் 6-லும் நைட்ரோ இருந்தால் அங்கேயும் இதே ஏற்பாடு. மூன்று நைட்ரோ இருந்தால் ஆறு ஆக்சிஜன்கள் ஒரு சுமையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன.

நைட்ரோ 3-இல், அதாவது மெட்டா இடத்தில் இருந்தால்? சுமை அந்த மூலைக்கு வரவே வராது. எலக்ட்ரான்களைத் தூரத்திலிருந்து லேசாக இழுக்க மட்டுமே அதனால் முடியும். அதனால்தான் மெட்டா-குளோரோநைட்ரோபென்சீன் மற்ற இரண்டு சகோதரர்களைவிடப் பல்லாயிரம் மடங்கு மந்தமாக இருக்கிறது. இந்தக் கொள்கைக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. அதே அணுக்கள், அதே எண்ணிக்கை, ஒரு மூலை தள்ளி வைத்ததற்கே இந்த வேறுபாடு. இன்னொரு சோதனையும் உண்டு. 4-இல் உள்ள நைட்ரோவுக்கு இருபுறமும் மெத்தில் தொகுதிகளை நெருக்கி வைத்தால் நைட்ரோ வளையத்தின் தளத்தில் படுத்திருக்க இடமின்றித் திருகி நிற்கும். அப்போது எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ளும் வழி அடைபடுவதால் வினை மெதுவாகிவிடுகிறது. நைட்ரோ சரியான மூலையில் இருந்தால் மட்டும் போதாது, சரியான கோணத்திலும் இருக்க வேண்டும்.

இவ்வளவும் காகிதத்தில் அம்புக்குறி போட்டுச் சொல்வது. அந்த இருவரும் ஒரே கார்பனில் இருக்கும் கட்டத்தை யாராவது கையில் பிடித்துப் பார்த்திருக்கிறார்களா?

பிடித்தார்கள், 1902-இல். 1876-இல் பிறந்த யாக்கோப் மைசன்ஹைமர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் அதைச் செய்த விதம் இன்றைக்கும் ரசிக்கத்தக்கது. மூன்று நைட்ரோ உள்ள வளையத்தில் குளோரினுக்குப் பதிலாக மெத்தாக்சி தொகுதி இருக்கும் ஒரு பொருளை எடுத்தார். பெயர் டிரைநைட்ரோஅனிசோல். அதோடு பொட்டாசியம் எத்தாக்சைடைச் சேர்த்தார். கருஞ்சிவப்பான ஓர் உப்பு கிடைத்தது. பிறகு இதையே தலைகீழாகச் செய்தார். வளையத்தில் முதலிலேயே எத்தாக்சி இருக்கும் டிரைநைட்ரோபெனிட்டோலை எடுத்து, வெளியிலிருந்து மெத்தாக்சைடைக் கொடுத்தார். இங்கேயும் ஒரு சிவப்பு உப்பு.

இரண்டு உப்புகளும் ஒன்றா, வேறா? அமிலத்தை ஊற்றிப் பார்த்தார். வந்த தொகுதி வளையத்தின் வேறொரு மூலையில் ஒட்டியிருந்தால், முதல் உப்பு அமிலத்தில் மெத்தாக்சிப் பொருளையே திருப்பித் தர வேண்டும், இரண்டாவது எத்தாக்சிப் பொருளைத் திருப்பித் தர வேண்டும். அப்படி நடக்கவில்லை. இரண்டிலிருந்தும் மெத்தில் ஈதரும் எத்தில் ஈதரும் கலந்த ஒரே கலவைதான் வந்தது. அப்படியானால் அந்த உப்பில் மெத்தாக்சியும் எத்தாக்சியும் சம உரிமையோடு ஒரே கார்பனில் இருந்திருக்க வேண்டும். அமிலம் வந்ததும் யார் வெளியேறுவது என்பதில் யார் முதலில் வந்தவர் என்ற கேள்விக்கே இடமில்லை. கருவி எதுவும் இல்லாமல், இரண்டு குடுவையும் கொஞ்சம் அமிலமும் வைத்து ஓர் அணுவின் நான்கு பிணைப்புகளையும் எண்ணிவிட்டார். இத்தகைய அமைப்பை அமெரிக்காவின் சார்லஸ் லோரிங் ஜாக்சன் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஊகித்திருந்தார். அதனால் இதை ஜாக்சன்–மைசன்ஹைமர் அணைவு என்றும் சொல்வதுண்டு. நிரூபித்தவர் பெயரே நிலைத்துவிட்டது.

குளோரினோடு செய்யும்போது கையில் சிக்காத இந்த இடைநிலைப் பொருள், இங்கே மட்டும் ஏன் உப்பாகவே படிந்தது? குளோரைடு வெளியேறத் தயங்காது. புதியவர் வந்த கணத்திலேயே அது கிளம்பிவிடும். இடைநிலை பிறந்தவுடன் அழியும். மெத்தாக்சைடும் எத்தாக்சைடும் வலிய காரங்கள், அவற்றுக்கு வெளியே போக விருப்பம் குறைவு. மூன்று நைட்ரோவும் சுமையைப் பொறுப்பாக வாங்கிக்கொண்டிருப்பதால் அவசரமும் இல்லை. மைசன்ஹைமரின் திறமை, நிற்கக்கூடிய ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுத்ததில்தான் இருந்தது.

அறுபது ஆண்டுகள் கழித்துக் கருவிகளும் இதையே சொன்னன. 1964-இல் கிராம்ப்டனும் கோல்டும் காந்த ஒத்ததிர்வு நிறமாலையில், ஒரே கார்பனில் இரண்டு மெத்தாக்சி இருக்கும் உப்பைப் பார்த்தார்கள். இரண்டு மெத்தாக்சிகளும் ஒரே இடத்தில் ஒரே கோடாகத் தெரிந்தன. பழையது, புதியது என்ற வேறுபாடு இல்லை. 1968-இல் படிகத்தை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்தபோது ஒன்று வளையத்துக்கு மேலும் மற்றொன்று கீழுமாக நிற்பது தெளிவானது. ஒரு சின்ன வேடிக்கையும் அந்தப் பத்தாண்டில் வெளிப்பட்டது. மெத்தாக்சைடு நேராக 1-க்கு வருவதில்லை. முதலில் இரண்டு நைட்ரோவுக்கு நடுவில் ஹைட்ரஜன் மட்டும் இருக்கும் 3-இல் விரைவாக ஒட்டிக்கொள்கிறது. அங்கே கூட்டம் குறைவு. பிறகு அதை விட்டு 1-க்கு மெல்ல நகர்கிறது; அங்குதான் நிலைப்பு அதிகம். எளிதில் கிடைக்கும் இடம் ஒன்று, தங்கத் தகுந்த இடம் வேறு.

இந்த இரண்டு படிக் கதையிலிருந்து, கேட்டவுடன் நம்ப முடியாத ஒரு முடிவு வருகிறது. ஃபுளூரின், குளோரின், புரோமின், அயோடின் ஆகிய நான்கில் கார்பனை மிக இறுக்கமாகப் பிடித்திருப்பது ஃபுளூரின். சங்கிலி மூலக்கூறுகளில் அது சுலபமாகக் கழலாது. ஆனால் இரண்டு நைட்ரோ உள்ள வளையத்தில் பிப்பரிடின் என்ற அமைனோடு வினை செய்ய விட்டால், அயோடினின் வேகத்தை 1 என்று வைத்தால் குளோரினும் புரோமினும் ஏறக்குறைய 4, ஃபுளூரின் 3,300! பிணைப்பு உடைவதுதான் தடையென்றால் இப்படி நடக்க வாய்ப்பில்லை. இங்கே கஷ்டமான கட்டம் உள்ளே வருவது. வெளியே போவது பின்னால் சுலபமாக நடக்கிறது. ஃபுளூரின் எலக்ட்ரான்களைக் கடுமையாகத் தன் பக்கம் இழுத்து 1-ஆம் கார்பனை எலக்ட்ரானுக்கு ஏங்க வைக்கிறது. அதனால் வருபவருக்கு வரவேற்பு அதிகம். இந்த அளவீடுகளை வைத்து 1950-களில் வாதாடியவர் அமெரிக்கரான ஜோசப் பன்னெட். ஒரு வினையில் எது மெதுவான கட்டம் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று மாணவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல எடுத்துக்காட்டு அரிது.

பன்னெட் விளக்கம் சொல்லும் முன்பே இந்த ஃபுளூரினின் வேகத்தைப் பயன்படுத்திக்கொண்டவர் கேம்பிரிட்ஜில் இருந்த பிரெடரிக் சாங்கர். இன்சுலின் புரதத்தின் சங்கிலி எந்த அமினோ அமிலத்தில் தொடங்குகிறது என்பது அவர் கேள்வி. சங்கிலியின் முனையில் மட்டும் ஒரு தனி அமினோ தொகுதி இருக்கும். அதில் மஞ்சள் நிற அடையாளம் ஒன்றை ஒட்டிவிட்டு, பிறகு புரதத்தைத் துண்டு துண்டாக உடைத்தால், மஞ்சளாக இருக்கும் துண்டுதான் முனை. அடையாளம் ஒட்ட டைநைட்ரோகுளோரோபென்சீனைப் பயன்படுத்தினால் சூடாக்க வேண்டும், புரதம் கெடும். டைநைட்ரோஃபுளூரோபென்சீன் அறை வெப்பநிலையிலேயே வேலை செய்தது.

இங்கே காரத்தின் அளவு முக்கியம். கரைசல் அமிலமாக இருந்தால் அமினோ தொகுதி ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பிடித்துக்கொண்டு தன் எலக்ட்ரான் ஜோடியை மறைத்துவிடும். தாக்க ஆள் இல்லை. காரம் அதிகமானால் ஹைட்ராக்சைடே ஃபுளூரினைத் துரத்திவிட்டு, அடையாளப் பொருள் டைநைட்ரோபீனாலாக வீணாகும். அதனால்தான் சமையல் சோடாவான சோடியம் பைகார்பனேட். அதன் மெல்லிய காரத்தன்மை இரண்டுக்கும் நடுவில் சரியாக நிற்கிறது.

சாங்கர் புரதத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்க வைத்து உடைத்தார். அமினோ அமிலங்களோடு கார்பன்–நைட்ரஜன் பிணைப்பால் ஒட்டிய மஞ்சள் அடையாளம் பெரும்பாலும் தாக்குப் பிடித்தது. மஞ்சளாக வந்தவை கிளைசினும் ஃபினைல்அலனினும். கூடவே லைசினும் மஞ்சளாகியிருந்தது, ஏனென்றால் அதன் பக்கவாட்டில் இன்னொரு அமினோ தொகுதி உண்டு. ஆனால் அந்த மஞ்சள் லைசின் அமிலக் கரைசலிலிருந்து ஈதருக்குள் போகவில்லை. அதன் முனை அமினோ தொகுதி சுதந்திரமாக, மின்சுமையோடு இருந்ததே காரணம். அது முனையில் இல்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி. கிளைசினின் மஞ்சள் வடிவம் கொதிக்கும் அமிலத்தில் ஓரளவு அழிந்துபோகும் என்பதால், கணக்கில் அதற்கும் திருத்தம் போட வேண்டியிருந்தது. 1945-இல் வந்த அந்தக் கட்டுரையில் இன்சுலினில் நான்கு சங்கிலிகள் என்று அவர் கருதினார்; அன்றைக்கு ஒப்புக்கொள்ளப்பட்டிருந்த மூலக்கூறு எடை உண்மையானதைப் போல இரண்டு மடங்காக இருந்ததால் வந்த பிழை அது. சங்கிலிகள் இரண்டுதான், ஒன்று கிளைசினிலும் மற்றொன்று ஃபினைல்அலனினிலும் தொடங்குகின்றன. 1958-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்த இடைநிலை எல்லா வினைகளிலும் உண்டு என்று நம் பாடநூல்கள் பொத்தாம்பொதுவாக எழுதிவிடுகின்றன. 2018-இல் ஹார்வர்டில் ஜேக்கப்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, சுமையைத் தாங்கிக்கொள்ளும் தொகுதிகள் போதிய அளவில் இல்லாத பல வளையங்களில் வருவதும் போவதும் ஒரே மூச்சில் நடந்துவிடுகின்றன என்று காட்டுகிறது. அங்கே தங்கி இளைப்பாற இடமே இல்லை. இரண்டு மூன்று நைட்ரோக்கள் இருக்கும் இடத்தில்தான் மைசன்ஹைமரின் பொருள் உண்மையாகவே ஒரு பொருளாக இருக்கிறது.

அப்படிப்பட்ட ஓர் இடம் நம் மருத்துவ ஆய்வகம். சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று பார்க்க ரத்தத்தில் கிரியேட்டினின் அளக்கிறார்கள் அல்லவா? அதன் பழைய முறையை 1886-இல் கண்டவர் மேக்ஸ் ஜாஃபே. பிக்ரிக் அமிலத்தில் காரத்தைச் சேர்த்து, அதில் கிரியேட்டினின் கலந்தால் மஞ்சள் நிறம் செம்மஞ்சளாக மாறும். பிக்ரிக் அமிலத்தில் இருப்பவை அதே மூன்று நைட்ரோக்கள். கிரியேட்டினின் வளையத்தில் வந்து ஒட்டி, வெளியேற வசதியான தொகுதி இல்லாததால் அப்படியே நின்று நிறம் காட்டுகிறது என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு கிரியேட்டினின்.

சிக்கல் என்னவென்றால், அந்த வளையத்துக்கு வருபவர் யாரென்ற கவலை இல்லை. காரத்தில் எதிர்மின் கார்பனாக மாறக்கூடிய எதுவும் வந்து ஒட்டலாம். கட்டுப்பாடற்ற நீரிழிவில் ரத்தத்தில் சேரும் அசிட்டோஅசிட்டேட் ஒட்டும். சில ஆன்டிபயாடிக் மருந்துகளும் நிறம் தரும். சிறுநீரகம் நன்றாக இருந்தும் கிரியேட்டினின் கூடுதலாகத் தெரியும். நிறம் தோன்றும் வேகத்தைக் குறித்த சில நொடிகளுக்குள் மட்டும் அளந்து இந்தக் கலப்பைக் குறைக்கிறார்கள்; பல ஆய்வகங்கள் நொதி முறைக்கு மாறிவிட்டன. அறிக்கையில் சோதனை முறை என்ற இடத்தில் ஜாஃபே என்று இருந்து, நோயாளிக்குச் சர்க்கரை மிகவும் ஏறிய நிலையில் கீட்டோனும் இருந்தால், அந்த எண்ணைப் பார்த்துப் பதறும் முன் நொதி முறையில் ஒருமுறை பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.